நெத்திலிக் கருவாட்டை எட்டுப் பதிவில் அறிமுகம் செய்தது: ஒரு தொடரை வெட்டி, வரிசைப்படுத்தி, வெளியிடும் முறை

பாம்பனில் என் பெரியம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். இந்த வருடம் மார்ச்சில் முதல்முறையாகக் கடற்கரை மணலில் கொட்டாமல், கம்பு நட்டு வலை கட்டிய பரணில் நெத்திலியைக் காயப்போட்டார்கள். 250 கிராம் பாக்கெட்டாக 60 பாக்கெட் தேறியது. இதை எக்ஸ் தளத்தில் அறிமுகம் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

நான் முதலில் எழுதியது 11 பதிவுகள் கொண்ட ஒரு தொடர். வேலை நடந்த வரிசையிலேயே எழுதினேன்: குழு எப்படிச் சேர்ந்தது, பரண் கட்ட யோசனை எப்படி வந்தது, கம்பு எங்கே வாங்கியது, முதல் நாள் மழை தூறியது. விலை ஒன்பதாவது பதிவில் வந்தது. வாங்கும் வழி பதினொன்றில். வெளியிட்ட அரை மணி நேரத்தில் முதல் பதிவுக்குக் கீழே வந்தவை எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்: "விலை?", "எங்க கிடைக்கும்?", "உப்பு போட்டதா?". பதில்கள் தொடருக்குள்ளேயே இருந்தன. அதுவரை யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாவது முறை என்ன செய்தேன் என்பதுதான் இந்த வழிகாட்டி. உங்கள் சரக்கு கருப்பட்டியாக இருக்கலாம், ஓலைப்பெட்டியாக இருக்கலாம். கேள்விகள் மாறும், முறை மாறாது.

முதலில் எழுத வேண்டாம், கேள்விகளைச் சேருங்கள்

இரண்டாவது முறை எழுதுவதற்கு முன் பெரியம்மாவோடு சந்தையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தேன். வாங்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். குவியலைப் பார்த்துவிட்டு நிற்பார்கள். குனிந்து ஒரு கை அள்ளுவார்கள். "மணல் இருக்குமா?" அடுத்து, வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, "உப்பு போட்டதா?" அதற்கப்புறம்தான் "கிலோ எவ்வளவு?" விலை சரிப்பட்டால், "எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "பெரியம்மா, எல்லாரும் விலையைத்தானே முதல்ல கேக்கணும்?"

"கையில அள்ளாம விலை கேக்குறவுக வாங்க மாட்டாக தம்பி. அள்ளிப் பாத்துட்டுக் கேக்குறவுகதான் வாங்குவாக."

தொடரின் வரிசை எனக்கு இந்த ஒரு வரியில் கிடைத்தது. விலையை ஒன்பதாவதில் புதைத்தது தப்பு. ஆனால் முதல் வரியிலேயே விலையைப் போடுவதும் சரியாக வராது, ஏனென்றால் படிக்கிறவர் இன்னும் கையில் அள்ளவில்லை. போனில் அள்ள முடியாது. ஆகவே கை செய்கிற வேலையை ஒரு படம் செய்ய வேண்டும், அந்தப் படம் விலைக்கு முன்னால் வர வேண்டும்.

உங்களுக்குச் சந்தை இல்லையென்றால், ஏற்கெனவே வாங்கியவர்கள் வாட்ஸப்பில் கேட்டதைத் திறந்து பாருங்கள். உங்கள் மனதில் தோன்றும் கேள்விகளை எழுதாதீர்கள். செய்கிறவர் மனதில் வருவது செய்முறைக் கேள்வி, வாங்குகிறவர் மனதில் வருவது வேறு.

ஒரு பதிவு, ஒரு கேள்வி

வெட்டுவதற்கு நான் வைத்துக்கொண்ட விதி இது ஒன்றுதான். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பென்சிலால் எழுதுங்கள். இரண்டு கேள்வி எழுத வேண்டி வந்தால் அது இரண்டு பதிவு. ஒரு கேள்வியும் எழுத வரவில்லை என்றால் அந்தப் பதிவு வேண்டாம்.

என் முதல் தொடரில் ஒரு பதிவு இப்படி இருந்தது: "பரணில் காற்று மேலும் கீழும் போவதால் சீக்கிரம் காய்கிறது, உப்பு தேவைப்படவில்லை, 250 கிராம் பாக்கெட்டில் போட்டிருக்கிறோம், கூரியரில் அனுப்புவோம்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. மேலே கேள்வியை எழுதப் போனால் நான்கு வந்தது. எப்படிக் காய்ந்தது, உப்பு உண்டா, எவ்வளவு பெரிய பாக்கெட், எப்படி வந்து சேரும். நான்காவது கேள்வியில் ஆர்வம் உள்ளவர் முதல் கேள்வியிலேயே கடந்து போய்விடுவார். இதே அளவுகோலில் பார்த்தால், முதல் நாள் மழை தூறிய பதிவுக்கு ஒரு கேள்வியும் எழுத வரவில்லை. எனக்கு அது பிடித்த பதிவு. எடுத்துவிட்டேன்.

பதினொன்று இப்படித்தான் எட்டானது. எட்டு என்பது கணக்கு வைத்து வந்ததில்லை. கேள்வி எட்டு இருந்தது, அவ்வளவுதான். மூன்று கேள்விதான் இருக்கிறது என்றால் மூன்று பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசை: இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

எட்டையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, தனித்தனியாகக் கிழித்து, தரையில் வரிசையாக வைத்தேன். அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை இடம் மாற்றிப் படித்துப் பார்த்தேன். மாற்றியும் ஒரு குறையும் தெரியவில்லை என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே தொடர்பே இல்லை என்று அர்த்தம். அவை ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன, அவ்வளவே. மாற்றியதும் இரண்டாவது புரியாமல் போனால் வரிசை சரி.

எடுத்துக்காட்டாக விலைப் பதிவு. ஏறக்குறைய நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு தேறும், மீதி எல்லாம் தண்ணீராகப் போய்விடும். 250 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு கிலோ பச்சை மீன் போகிறது. எங்கள் 60 பாக்கெட்டும் சேர்ந்து 15 கிலோ கருவாடு, அதாவது சுமார் 60 கிலோ பச்சை மீன். இந்தக் கணக்கு தெரியாமல் 200 ரூபாய் என்று பார்த்தால் கால் கிலோவுக்கு அதிகம்போலத் தோன்றும். தெரிந்தபின் பார்த்தால் மீனின் விலையும் உழைப்பும் கண்ணில் படும். ஆக, காயும் கணக்கு முன்னால், விலை பின்னால். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கடைசியில் ஒரே பதிவிலேயே வைத்தேன். ஒரு கேள்வி ஒரு பதிவு என்ற விதியை இது மீறவில்லை, "ஏன் இந்த விலை?" என்பது ஒரே கேள்விதான்.

யார் செய்கிறார்கள் என்ற பதிவை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. ஐந்து பெண்களின் உழைப்பு, அதை முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் சந்தையில் யாரும் பெரியம்மாவின் பெயரை முதலில் கேட்டதில்லை. வாங்க முடிவு செய்தபின், காசைக் கொடுக்கும்போதுதான் "எந்த ஊரு, நீங்களே போடுறீகளா?" என்று கேட்டார்கள். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன் வரும் கேள்வி அது. ஆகவே அது ஏழாவது, வாங்கும் வழிக்கு நேர் முன்னால்.

தமிழில் 280 எழுத்து என்றால் எவ்வளவு

எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு ஒரு பதிவு 280 எழுத்து. தமிழில் எழுதும்போது இது நாம் கண்ணால் எண்ணும் எழுத்து இல்லை. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன்மேல் வரும் கொம்பு, கால், சுழிக்கு இன்னொன்று என்று எண்ணப்படும். புள்ளியும் ஒன்று. அகரம் ஏறிய எழுத்துக்கு மட்டும் குறி கிடையாது, அது ஒன்றுதான். "நெத்திலி" நமக்கு நான்கெழுத்து, தளத்துக்கு எட்டு. "கருவாடு" நான்கெழுத்து, கணக்கில் ஏழு. கணினியில் பைத்தான் இருந்தால் நீங்களே பார்க்கலாம்:

```
print(len("நெத்திலி"))   # 8
print(len("கருவாடு"))    # 7
```

இடைவெளி ஒவ்வொன்றும் ஒன்று. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்று எண்ணப்படும். படத்துக்கு எழுத்து போகாது, ஒரு பதிவில் நான்கு படம் வரை போடலாம். மொத்தத்தில் தமிழில் ஒரு பதிவுக்கு முப்பது சொல்லுக்கு மேல் பெரும்பாலும் இடம் இருக்காது. நான் 25 சொல்லில் நிறுத்திக்கொள்வேன். மிச்சம் இருந்தால் கடைசி நேரத்தில் ஒரு தேதியோ எண்ணோ சேர்க்க இடம் கிடைக்கும்.

மெட்டாவின் த்ரெட்ஸ் தளத்தில் 500 எழுத்து உண்டு. அங்கே போடும்போது இரண்டு இரண்டாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். எட்டையும் அப்படியே போடுங்கள். வெட்டியது கேள்வியை வைத்து, எழுத்துக்கணக்கை வைத்து இல்லை.

தனியாக நிற்க வேண்டும், அடுத்ததைக் கூப்பிடவும் வேண்டும்

யாராவது உங்கள் ஐந்தாவது பதிவை மட்டும் எடுத்துப் பகிர்வார்கள். அதைப் பார்க்கிறவருக்கு முதல் நான்கும் தெரியாது. இங்கே தமிழில் நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம். "இரண்டு நாளில் காய்ந்துவிடும்" என்பது பேச்சில் முழு வாக்கியம். தனியாகப் பகிரப்பட்ட பதிவில் எது காயும் என்று தெரியாது. "அது", "இதனால்", "மேலே சொன்னபடி" என்று தொடங்கும் பதிவும் அப்படியே அநாதையாகிவிடும்.

ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் பொருளின் பெயர் வரட்டும். சரக்கின் பெயர் எட்டு முறையும் வர வேண்டும் என்பதில்லை. நெத்திலி, பரண், பாக்கெட், பார்சல் என்று அந்தப் பதிவு எதைப் பற்றியதோ அந்தப் பெயர் போதும்.

இணைப்பை முதல் சொல்லில் தேடாமல் கடைசி வரியில் வையுங்கள். பதிவின் முடிவு அடுத்த கேள்வியை எழுப்ப வேண்டும், அடுத்த பதிவு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். கீழே இரண்டாவது பதிவு "பரண்" என்று முடிந்து மூன்றாவது "பரண்" என்று தொடங்குவதைப் பாருங்கள். மூன்றாவது "உப்பு" என்று முடிந்து நான்காவது "உப்பு" என்று தொடங்கும். எல்லா இடத்திலும் இதைச் செய்தால் சலிக்கும். படிக்கிறவர் விட்டுப் போகக்கூடிய முதல் மூன்று நான்கு மூட்டுகளில் செய்தால் போதும்.

எட்டும் கடைசியில் இப்படி அமைந்தன:

> பாம்பன் நெத்திலிக் கருவாடு, மணல் இல்லாமல். கரையில் கொட்டாமல் பரணில் காயப்போட்டது. 250 கிராம் பாக்கெட், மார்ச் மாதச் சரக்கு, 60 மட்டும். மணல் இல்லை என்பதை எப்படி நம்புவது? 1/8

> இரண்டு தட்டிலும் ஒரே அளவு நெத்திலி, ஒரே அளவு தண்ணீர். இடப்பக்கம் கரை மணலில் காய்ந்தது. வலப்பக்கம் எங்கள் பரணில் காய்ந்தது. அலசி எடுத்தபின் தட்டின் அடியைப் பாருங்கள். வித்தியாசம் பரண். 2/8

> பரண் என்பது இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு, மேலே வலையை இழுத்துக் கட்டியது. நெத்திலிக்கு இருபுறமும் காற்று போகும். நல்ல வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். நாங்கள் போடாதது உப்பு. 3/8

> உப்பு போடாத நெத்திலி என்பதால் குழம்புக்கு வழக்கம்போல் உப்பு போடலாம். தலை கிள்ளவில்லை, சமைக்கும்போது கிள்ளிக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்தபின் மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். 4/8

> நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு. ஆக 250 கிராம் பாக்கெட்டுக்குள் ஒரு கிலோ பச்சை மீன் இருக்கிறது. பாக்கெட் விலை 200 ரூபாய். கூரியர் தனி. 5/8

> பார்சலில் வாசம் வெளியே வருமா? இரண்டு உறைக்குள் ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். தமிழ்நாட்டுக்குள் மட்டும். இரண்டு பாக்கெட் வரை கூரியர் 60 ரூபாய். 6/8

> இந்த நெத்திலியைப் போடுவது பாம்பனைச் சேர்ந்த ஐந்து பெண்கள். மீன் வாங்குவது, அலசுவது, காயப்போடுவது, ஒட்டுவது எல்லாம் அவர்களே. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் பாக்கெட்டில் இருக்கிறது, படத்தில் பாருங்கள். 7/8

> கருவாடு வாங்க இந்த வாட்ஸப் இணைப்பு. பெயர், முகவரி, பின்கோடு, எத்தனை பாக்கெட் என்று அனுப்புங்கள். இருப்பு உண்டா என்று சொன்ன பிறகு பணம் அனுப்பினால் போதும். 8/8

படங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, ஏழில் மட்டும். தட்டுப் படம்தான் இந்தத் தொடரின் உயிர். அதை முதல் பதிவில் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தோம். விளக்கம் இல்லாமல் இரண்டு தட்டு என்னவென்று யாருக்கும் புரியவில்லை, ஆகவே முதல் பதிவில் பரணில் வெள்ளி மாதிரி மின்னும் நெத்திலியின் படம் ஒன்றைச் சேர்த்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம். அது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், மங்கலாக இருந்தால் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

1/8 என்று மொத்த எண்ணிக்கையைப் போடுவது எனக்குப் பிடிக்கும், எங்கே முடியும் என்று படிக்கிறவருக்குத் தெரிகிறது. இன்னும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால் 1/ என்று மட்டும் போடுங்கள்.

வெளியிடும்போது

எட்டையும் முதலில் போனின் குறிப்பேட்டில் எழுதி முடித்து, அப்புறம் எக்ஸ் பெட்டியில் ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். ஒரு பதிவை ஒட்டியதும் + குறியைத் தொட்டால் அடுத்ததற்குப் பெட்டி திறக்கும். எல்லாம் ஒட்டியபின் `Post all` என்று வரும். அதைத் தொட்டால் மொத்தமும் ஒரே சங்கிலியாகப் போகும்.

தனித்தனியாகப் போட நேர்ந்தால் ஒன்றில் கவனமாக இருங்கள்: ஒவ்வொரு பதிவையும் அதற்கு நேர் முன்னால் உள்ள பதிவின் `Reply` பெட்டியில் போட வேண்டும். ஒருமுறை கருப்பட்டிக்குத் தொடர் போட்டபோது, நடுவில் நெட் போய் வந்ததும் ஐந்தாவதை முதல் பதிவின் `Reply` பெட்டியில் போட்டுவிட்டேன். சங்கிலி இரண்டு கிளையானது. நான்காவதுவரை படித்தவர்களுக்கு அங்கேயே முடிந்துவிட்டது. விலையும் முகவரியும் இன்னொரு கிளையில் இருந்தன. வெளியிட்டதும் வேறொருவர் போனில் முதல் பதிவிலிருந்து கடைசிவரை விரலால் தள்ளிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

இலவசக் கணக்கில் வெளியிட்ட பதிவைத் திருத்த முடியாது. அதனால் `Post all` தொடும் முன் எண்களை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டும். பெரியம்மா தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாக்கெட் அளவு, எண்ணிக்கை, விலை, கூரியர் நான்கையும் சத்தமாகப் படித்தார்கள், நான் திரையில் சரிபார்த்தேன். கூரியரை 80 என்று தட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அப்படியும் தப்பு போய்விட்டால் நடுவில் உள்ள பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் அந்த இடம் ஓட்டையாகும், அதற்குப் பின்னால் உள்ளவை முன்னால் உள்ளவற்றோடு ஒட்டாது. தப்பான பதிவுக்குக் கீழேயே சரியான எண்ணைப் பதிலாகப் போட்டு, சங்கிலியின் கடைசியிலும் ஒருமுறை போடுங்கள். வெளியிட்டு ஓரிரு நிமிடத்தில், யாரும் பகிராத நிலையில் கண்டுபிடித்தால் மட்டும் எட்டையும் அழித்துவிட்டு எட்டையும் மறுபடி போடலாம்.

கீழே வரும் கேள்விகளைப் படிப்பது

வரிசை சரியா என்று சொல்வது கேள்விகள்தான். தொடருக்குள் பதில் இருக்கும் கேள்வியையே பலரும் கேட்டால் அந்தப் பதில் தாமதமாக வருகிறது, அடுத்த முறை முன்னால் கொண்டுவாருங்கள். எங்கேயும் பதில் இல்லாத கேள்வி வந்தால் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று வந்தது: "குழந்தைக்குக் கொடுக்கலாமா, முள் குத்துமா?" சந்தையில் யாரும் கேட்காத கேள்வி, ஏனென்றால் அங்கே வருகிறவர்களுக்கு நெத்திலி பழக்கம். கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு அது தெரியாது. அடுத்த சரக்குக்கு அது நான்காவது பதிவுக்குப் பக்கத்தில் தனிப் பதிவாக வரும்.

ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் இருக்கும். முதலிலிருந்து இரண்டாவதுக்கு எண் நன்றாகக் குறையும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, அல்லது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே திடீரென்று விழுந்தால் அந்த மூட்டு பிடிக்கவில்லை. முன் பதிவின் கடைசி வரியை மாற்றி எழுதுங்கள்.

சரக்கு தீர்ந்தபின்

60 பாக்கெட் தீர்ந்துவிடும், தொடர் தீராது. யாரோ ஒருவர் பகிர அது மறுபடி சுற்றும். முதல் பதிவில் மாதத்தையும் எண்ணிக்கையையும் போட்டது இதற்காகத்தான். தீர்ந்த அன்றே எட்டாவது பதிவுக்குக் கீழே ஒரு பதில் போட்டேன்: "60 பாக்கெட்டும் தீர்ந்தது. பணம் அனுப்பியவர்களுக்கெல்லாம் பார்சல் போய்விட்டது."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரைவலையில் நெத்திலி படும்தான், ஆனால் அந்த நாட்களில் பச்சை மீனே நல்ல விலைக்குப் போய்விடும், கருவாட்டுக்கு மிஞ்சாது என்று பெரியம்மா சொன்னார்கள். அதையும் அந்தப் பதிலோடு சேர்த்து, "அடுத்த சரக்கு ஜூன் கடைசிக்கு மேல்" என்று எழுதினேன். மே மாதம் கேட்டவர்களுக்கு அந்த வரியே பதிலாக இருந்தது.

புதுச் சரக்கு வந்ததும் பழைய தொடரின் வாலில் சேர்க்க வேண்டாம், விலையும் எண்ணிக்கையும் மாறியிருக்கும். புதுத் தொடர் தொடங்கி, பழையதன் கடைசியில் அதற்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுங்கள். புதியதை உங்கள் பக்கத்தின் மேலே நிற்கும்படி `Pin` செய்யுங்கள், பழையது அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள்.